எஃகா, அலுமினியமா, மரமா: ஒரு மீட்டர் சட்டத்துக்குப் போட்ட கணக்கு

மரம் குடையும் ரௌட்டர் ஓடும் குறுக்குச் சட்டத்துக்கு மரமே போதும் என்று டயல் கேஜ் காட்டிவிட்டது. தாங்கலுக்குத் தாங்கல் 1 மீட்டர். நடுவில் 200 நியூட்டன், அதாவது 20 கிலோ சொச்சம், வைத்தால் 1 மி.மீ.க்கு மேல் தொய்யக் கூடாது. 47 மி.மீ. சதுர ஸ்ப்ரூஸ் கட்டை அதைத் தாங்குகிறது. எடை வெறும் 1.1 கிலோ!

பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் E-ஐ அடர்த்தி rho-வால் வகுத்துப் பார்த்தால் எஃகு 27, அலுமினியம் 26, மரம் 20 என்று வரும். மரம் கடைசி. ஆனால் அது இழுவிசை தாங்கும் கம்பிக்கான கணக்கு. வளையும் சட்டத்தில் பக்க அளவு கூடும்போது எடை இருமடியில் ஏறுகிறது, விறைப்போ நான்மடியில் ஏறுகிறது. அதனால் குணகத்தின் வர்க்கமூலம்தான் கணக்கில் வருகிறது:

```
M = sqrt(E) / rho
```

ஜிகாபாஸ்கலிலும் கன செ.மீ.க்குக் கிராமிலும் போட்டால் எஃகு 1.8, அலுமினியம் 3.1, மரம் 6.3. என் சட்டத்தையே திண்மச் சதுரமாக எஃகில் செய்தால் 22 மி.மீ. பக்கம், 3.8 கிலோ, அலுமினியத்தில் 29 மி.மீ., 2.3 கிலோ.

உயரத்தைக் கூட்ட இடமில்லாமல் அகலத்தை மட்டும் கூட்டினால் இது செல்லாது. அப்போது விறைப்பும் எடையும் ஒரே விகிதத்தில் ஏறும்; பழைய 27, 26, 20 வரிசை திரும்பிவிடும்.

மரத்தில் உண்மையான தலைவலி குணகம்தான். அட்டவணையில் 10 ஜிகாபாஸ்கல் என்று இருக்கும். கையில் இருக்கும் கட்டை 8 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு கட்டையையும் வளைத்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். முதலில் 5 கிலோ வைத்து, தாங்கல்கள் நன்றாகப் படிந்த பிறகு கேஜைப் பூஜ்யமாக்கி, அப்புறம்தான் முழு எடை. தாங்கும் இடத்தில் மரம் கொஞ்சம் நசுங்கும். இரு முனைகளும் எவ்வளவு இறங்கின என்று பார்த்து, அவற்றின் சராசரியை நடுவில் வந்த அளவிலிருந்து கழிக்க வேண்டும். விட்டுவிட்டால் மரம் இருப்பதைவிடத் தளர்வாகத் தெரியும்.

```
E = F * L^3 / (4 * b^4 * d)
```

F கூடுதலாக வைத்த எடையின் விசை, d அதனால் வந்த தொய்வு, L தாங்கலுக்குத் தாங்கல் தூரம், b கட்டையின் பக்க அளவு. b நான்மடியில் நிற்கிறது, கவனியுங்கள். 47 மி.மீ.யில் 1 மி.மீ. தப்பினால் குணகம் 8 சதவீதத்துக்கு மேல் தப்பும். வெர்னியரால் பல இடங்களில் அளப்பது வீண் வேலையே இல்லை. கட்டை வாங்கும்போது நார் முனைக்கு முனை நேராக ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சாய்ந்திருந்தால் குணகம் சரிந்துவிடும்.

சரி, குழாய்? மேலே சொன்ன M ஒரே வடிவத் திண்மத்தைத்தான் ஒப்பிடுகிறது. 30×30×1.5 எஃகுக் குழாய் இதே விறைப்பை 1.3 கிலோவில் தரும். 40×40×2 அலுமினியக் குழாய் 0.8 கிலோவிலேயே தாண்டிவிடும். மரத்தில் குழாய்க்கு ஈடாகப் பெட்டிச் சட்டம் ஒட்ட வேண்டும். ரௌட்டர் தள்ளுவண்டியை முடிப்பதற்குள் மெல்லிய ப்ளைவுட் பக்கங்களை அறுத்து வைத்துவிட்டேன்.