சரி என்றார், வரவில்லை

சேலத்தில் ஆள் எடுத்துத் தரும் வேலையில் இருப்பவர்களைக் கேட்டால், ஏற்காட்டு ரிசார்ட்டுகளுக்கு ஆள் அனுப்புவதுதான் பெரிய தலைவலி என்பார்கள். கோடை சீசனுக்கு முன்னால் வரவேற்பு மேசைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஆள் கேட்பார்கள். போனில் பேசினால் எல்லோரும் "வர்றேன் மேடம்" என்பார்கள். நேர்முகத்தேர்வு நாளன்று மேலாளர் மலைமேல் காத்திருப்பார், பாதிப் பேர் வரமாட்டார்கள். கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை என்று அந்த மேலாளர் ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்கு அது பாதி உண்மைகூட இல்லை என்று தோன்றும். முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வராது. கேட்க நினைத்த கேள்வியைக் கேட்கவும் கூச்சம். இரண்டும் சேர்ந்தால் போனை எடுக்காமல் இருப்பதுதான் சுலபமான வழி.

ஆத்தூர் பக்கத்துப் பெண் ஒருவர், கேட்டரிங் படித்தவர். போனில் நன்றாகப் பேசினார், வருகிறேன் என்றார், வரவில்லை. சில நாள் கழித்து அவருடைய அப்பாவே கூப்பிட்டார். அவர் கேட்டது மூன்று கேள்விகள். மகள் இரவு எங்கே தங்குவாள், ஒரே அறையில் எத்தனை பேர்? பதினெட்டாயிரம் என்றீர்களே, கையில் எவ்வளவு வரும்? சர்டிபிகேட் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் போன செய்தியில் தேதி, நேரம், 'ரெஸ்யூமோடு வரவும்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. பெரும்பாலான இடங்களில் இன்றும் அவ்வளவுதான் போகிறது. கொண்டை ஊசி வளைவு இருபதையும் தாண்டி மேலே போகிறவருக்கு, போய் என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்றே தெரியாவிட்டால் கால் எப்படி எழும்?

அதற்குப் பிறகு செய்தியை மாற்றினோம். இப்போது வாட்ஸ்அப்பில் போவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"வணக்கம். வேலை: வரவேற்பு மேசை உதவியாளர், ஏற்காடு. மொத்தச் சம்பளம் ரூ.18,000. பி.எஃப். ரூ.1,440, இ.எஸ்.ஐ. ரூ.135 போக கையில் ரூ.16,425. தங்குமிடம், சாப்பாடு இலவசம். பெண்களுக்குத் தனிக் கட்டடம், அறைக்கு மூன்று பேர். வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆனால் சனி, ஞாயிறில் கிடைக்காது. சர்டிபிகேட் அசலைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். பெற்றோர் உடன் வரலாம். நாளை மாலை 6 மணிக்குள் பதில் அனுப்புங்கள்: 1 என்றால் வருகிறேன், 2 என்றால் வேறு நாள் வேண்டும், 3 என்றால் இந்த வேலை வேண்டாம். 3 என்று அனுப்பினால் காரணம் கேட்கமாட்டோம்."

கையில் வரும் தொகையைப் பிரித்துக் காட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் அதில் 12 சதவீதம் பி.எஃப்., அதாவது 1,440. இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135. ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடையில் பதினேழாயிரம் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், எங்கள் பதினெட்டாயிரம் தோற்றுப்போகும். தோற்கட்டும். முன்பே தோற்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடலாம். சேர்ந்து முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்தான் அதிகச் செலவு வைக்கிறார். சம்பளத்தை இப்படி எழுதினால் பக்கத்து ரிசார்ட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மேலாளர் முதலில் முறைத்தார். பக்கத்து ரிசார்ட்டுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கிருந்துதான் இவருக்கு ஆள் வருகிறது.

மூன்றாம் எண்தான் அதிக வேலை செய்தது. கூப்பிட்டால் எடுக்காதவர்கள், நீளமாக எழுதத் தயங்குகிறவர்கள், அன்று மாலையே '3' என்று ஓர் எண்ணை அனுப்பிவிடுகிறார்கள். வராதவர்கள் அடியோடு குறைந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரப்போவதில்லை என்பது தேர்வுக்கு முந்தைய நாளே தெரிந்துவிடுகிறது.

போன் செய்யும் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால், வேறொரு கடையிலோ மில்லிலோ முதலாளி எதிரில் நிற்கிற ஆள் எப்படி எடுப்பார்? தெரியாத எண் வேறு, கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனி என்று நினைத்துவிடுவார். அதனால் முதலில் செய்தி, ஆறு மணிக்கு மேல் அழைப்பு.

வேலை உறுதியான பிறகு வரும் மௌனம் வேறு ரகம். ஆஃபர் கடிதத்துக்குச் சரி சொல்லியாகிவிட்டது, பழைய இடத்தில் ஒரு மாத நோட்டீஸ். அந்த ஒரு மாதமும் நாம் பேசாமல் இருந்தால், பழைய முதலாளி பேசுவார். அவர் பேசுவது பெரும்பாலும் ராஜினாமா கொடுத்த அன்றுதான். இரண்டாயிரம் கூட்டித் தருகிறேன் என்பார். ஆகவே அன்று மாலையே நான் கூப்பிடுவேன், "கூட்டித் தருகிறேன் என்றார்களா?" என்று நேராகவே கேட்பேன். ஆமாம் என்றால், யோசித்து நாளை சொல்லுங்கள் என்று விட்டுவிடுவேன். சேரும் தேதியை இரண்டாம் முறை தள்ளிக் கேட்பது, பி.எஃப். எண்ணும் வங்கிப் பாஸ்புக் நகலும் இன்று நாளை என்று இழுப்பது, இவை வந்தால் இன்னொரு ஆளைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆஃபரைக் காட்டிப் பழைய இடத்தில் சம்பளம் கூட்டிக்கொள்ள வந்தவரை எந்தச் செய்தியாலும் தடுக்க முடியாது.

சேலத்தில் இன்னொன்று உண்டு, வெளியூர் மனிதவள ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஜூலை 20-ஆம் தேதி வந்து சேருங்கள் என்று கடிதம் போகும். ஆள் காணாமல் போய்விடுவார். காரணம், ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் பாட்டி சொல்லியிருப்பார். அதைப் படித்த பிள்ளை அலுவலகத்தில் சொல்ல வெட்கப்படும். கோட்டை மாரியம்மன் திருவிழா வேறு, ஊரே அங்கேதான் இருக்கும். இப்போது நானே கேட்டுவிடுகிறேன்: "ஆடியில் சேர வீட்டில் ஒப்புக்கொள்வார்களா, இல்லை ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்க்கலாமா?" மறுமுனையில் ஒரு சிரிப்பு, அப்புறம் தேதி தானாக வரும். முடியாதென்றால் ஆவணிக்குத் தள்ளிவைக்க ரிசார்ட்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

அப்படியும் வராமல் போனவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. அன்று மாலை ஓர் அழைப்பு, மறுநாள் ஒரு செய்தி: "நீங்கள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரை இடத்தை வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம்." அதோடு முடித்துக்கொள்வேன். இதே மரியாதையைத் தேர்வாகாதவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று ரிசார்ட்டுகளிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மலை ஏறி நேர்முகத்தேர்வுக்கு வந்தவருக்கு 'சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லிவிட்டு சொல்லாமலே விட்டால், அந்தக் கேட்டரிங் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே அது பரவிவிடும். அடுத்த முறை அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவரும் போனை எடுக்கமாட்டார்கள்.

எங்கள் பதிவேட்டில் இப்போது 'தகவல் இல்லை' என்றும் '3 அனுப்பினார்' என்றும் இரண்டு பத்திகள் இருக்கின்றன. புதிதாக ஓர் இடம் வந்தால் முதலில் கூப்பிடுவது இரண்டாம் பத்தியில் இருப்பவர்களைத்தான். மலை வேண்டாம் என்று 3 அனுப்பிய ஒருவர் இப்போது அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறார், பஸ்ஸில் வீட்டுக்குப் போய் வருகிறார்.