கொழும்பில் மெடிக்கல் கோடிங்: வீட்டிலிருந்து வேலை செய்ய எனக்குப் பதினெட்டு மாதம் எடுத்தது

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கம்பஸ் கிடைக்காமல் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் பார்த்தது டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைதான். டாக்டர் பேசுவதைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இடைவெளி உட்பட 65 எழுத்துக்கு ஒரு வரி என்று கணக்கு வைத்துக் காசு தருவார்கள். இப்போது மென்பொருளே பேச்சை எழுதிவிடுகிறது, ஆட்களுக்கு மிஞ்சுவது அதைத் திருத்தும் வேலை. அதற்கு ஒரு வரிக்குக் கிடைக்கும் காசு குறைவு. ஒரு இடத்தில் வேலை தருவதற்கு முன்பே 'வைப்புப் பணம்' கேட்டார்கள். அதோடு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

கோடிங் வேறு மாதிரி. டாக்டரின் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10 குறியீடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி குறியீடும் போட வேண்டும். அமெரிக்க இன்சூரன்ஸ் அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். ஃபோனில் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனால் பகலிலேயே செய்யலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஐந்து மாத வகுப்புக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினேன். 'நூறு வீதம் வேலை' என்று விளம்பரம் போட்டிருந்த இடம் அது. மூன்று வருஷப் பழைய புத்தகத்தின் ஃபோட்டோ கொப்பியை வைத்துத்தான் படிப்பித்தார்கள். ஐசிடி ஒவ்வொரு ஒக்டோபர் 1இலும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1இலும் மாறும் என்பதையே நான் பிறகுதான் அறிந்தேன். உடற்கூற்றியலும் மருத்துவச் சொற்களும் மட்டும் அங்கே நன்றாகப் படித்தேன். அதுவும் உயிரியல் படித்திருந்ததால்தான் சுலபமாக இருந்தது.

சான்றிதழுக்கு அமெரிக்காவின் ஏஏபிசி என்ற கோடிங் சங்கம் நடத்தும் சிபிசி பரீட்சை எழுதினேன். அங்கத்துவம், பரீட்சைக் கட்டணம், அந்த வருஷத்துப் புத்தகங்கள் மூன்று எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் போனது. டொலர் 300 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த நேரம். அம்மாவின் காப்பு ஒன்று அடகுக்குப் போனது. பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கைகளும் மேசையும் தெரியும்படி தனியாக ஒரு கேமரா வைக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம் என்றதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். 100 கேள்விக்கு நான்கு மணித்தியாலம், அதாவது ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 70 வீதம் எடுத்தால்தான் பாஸ்.

முதல் தடவை 64 எடுத்துத் தோற்றேன். சத்திரசிகிச்சைக் கேள்விகளில் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து தேடிக் குறியீடு கண்டுபிடிக்கப் போய், கடைசிப் பன்னிரண்டு கேள்விகளுக்கு நேரமே இல்லாமல் போனது. வகுப்பில் கூடப் படித்த அக்கா ஒருத்தி சொன்னாள்: "நீ விடையைத் தேடாதே, நான்கு விடைக்கும் நடுவில எது வித்தியாசம் என்று பார்." நான்கு தெரிவுகளிலும் பெரும்பாலும் ஒரு குறியீடோ அதன் பின்னால் சேர்க்கும் ஒரு மாற்றெண்ணோ மட்டும்தான் மாறும். அந்த ஒன்றை மட்டும் புத்தகத்தில் பார்த்தால் போதும். நான் இரண்டு தடவை எழுதும் கட்டணம் கட்டியிருந்தேன். அடுத்த தடவை 78.

பாஸ் ஆனாலும் பெயருக்குப் பின்னால் 'சிபிசி-ஏ' என்றுதான் வரும். அந்த 'ஏ' பயிலுநர் என்பதைக் குறிக்கும். வழக்கமாக இரண்டு வருஷ வேலை அனுபவத்தைக் காட்டினால்தான் அதை எடுப்பார்கள். விளம்பரங்களில் 'வீட்டிலிருந்து வேலை' என்று போடும் இடங்கள் பெரும்பாலும் 'ஏ' இல்லாதவர்களைத்தான் கேட்கின்றன. அமெரிக்க நிறுவனங்களுக்கு நேரடியாகவும் எழுதிப் பார்த்தேன். நோயாளியின் விவரம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள், மற்றவர்கள் பதிலே போடவில்லை.

இரண்டு மாதம் தேடிய பிறகு கொழும்பிலேயே ஒரு இடத்தில் எடுத்தார்கள். எட்டு மாதம் ஒஃபிசுக்கு வந்து செய்ய வேண்டும், பிறகு பார்க்கலாம் என்பது நிபந்தனை. அந்த எட்டு மாதத்தில்தான் உண்மையில் வேலையைக் கற்றேன். இரண்டாம் வாரத்தில் வந்த ஒரு குறிப்பை இன்னும் மறக்கவில்லை. நோயாளிக்கு இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் நிலை 3ஏ. இன்சுலின் போடுகிறார். நான் நான்கையும் தனித்தனியாகப் போட்டேன்:

```
E11.9   I10   N18.31   Z79.4
```

தரம் பார்க்கும் அண்ணா என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, E11.9 என்றால் சிக்கல் இல்லாத நீரிழிவு. கிட்னி பழுதான ஆளுக்கு அதை எப்படிப் போட்டீர்?" என்று கேட்டார். நீரிழிவால்தான் கிட்னி போனது என்று டாக்டர் எழுதவில்லையே என்றேன். எழுதத் தேவையில்லை என்றார். நீரிழிவும் சிறுநீரக நோயும் ஒரே குறிப்பில் இருந்தால், தொடர்பில்லை என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லாதவரை தொடர்பு உண்டு என்றே எடுக்க வேண்டும் என்பது ஐசிடி விதி. இரத்த அழுத்தத்துக்கும் அதே கதைதான். ஆகவே சரியானது இது:

```
E11.22   I12.9   N18.31   Z79.4
```

நான்கில் இரண்டு பிழை. எங்கள் இடத்தில் 95 வீதத்துக்குக் கீழே போனால் அந்த மாத ஊக்கத்தொகை இல்லை. இருபது குறியீட்டில் ஒரு பிழையோடு நிற்க வேண்டும். எனக்கு அந்த ஒரு குறிப்பிலேயே நாற்பது குறியீட்டுக்கு உரிய பிழை முடிந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, வெளிநோயாளர் குறிப்பில் 'நியூமோனியாவாக இருக்கலாம்' என்று இருந்தால் நியூமோனியாவைப் போடக் கூடாது. இருமல், காய்ச்சல் என்று அறிகுறியைத்தான் போட வேண்டும். எங்கே ஊகிக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் வேலையே.

சம்பளத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் 55,000 ரூபாய். பிறகு 65,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 5,200 கழிந்து கையில் 59,800. என்னோடு படித்தவர்களும் 50க்கும் 70க்கும் இடையில்தான் தொடங்கினார்கள். பரீட்சைச் செலவை மட்டும் மீட்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது.

எட்டு மாதம் முடிந்து வீட்டுக்கு விடும்போது வீடியோவில் அறையைக் காட்டச் சொன்னார்கள். கதவு பூட்டும் அறை, மேசையில் ஃபோன் இல்லை, பிரிண்டர் இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு அறை தம்பியினுடையது. அவன் இப்போது ஹோலில் படுக்கிறான். கரண்ட் போனால் லேப்டொப் நிற்காது, ரவுட்டர்தான் நின்றுவிடும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆடி மாதத்தோடு வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். 'ஏ'யை எடுக்க அனுபவக் கடிதம் கேட்டு ஒஃபிசுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.