பிக்சடா, ப்ளோட்டிங்கா: மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு நாங்கள் எடுத்த முடிவு

வீட்டுக் கடனுக்கு அனுமதி கிடைத்த அன்று வங்கி அதிகாரி இரண்டு தாள்களை எங்கள் முன் வைத்தார். ஒன்றில் மாறும் வட்டி, அதாவது ப்ளோட்டிங், 8.5 சதவீதம். இன்னொன்றில் நிலையான வட்டி, அதாவது பிக்சட், 9.75 சதவீதம். கடன் 40 லட்சம், 20 வருடம். முதல் தாளில் மாதத் தவணை 34,713. இரண்டாவதில் 37,941.

நான் உடனே முதல் தாளைத்தான் எடுத்தேன். மாதம் 3,228 மிச்சம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் ரிஸ்க் எடுக்கத் தயங்காதவன் என்றும் என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பக்கத்தில் இருந்த மனைவி, “வட்டி ஏறினா தவணை எவ்வளவு ஆகும் சார்?” என்று கேட்டாள். “தவணை அப்படியேதான் இருக்கும்மா, காலம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்” என்றார் அதிகாரி.

அந்தப் பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும், “கொஞ்சம்னா எவ்வளவுன்னு பாருங்க” என்றாள்.

எக்செல்லில் பார்த்தேன். வட்டி ஒரு சதவீதம் மட்டும் ஏறி 9.5 ஆகிறது, தவணை அதே 34,713 என்று வைத்துக்கொண்டால், கடன் அடைய எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்:

```
=NPER(9.5%/12, -34713, 4000000)
```

விடை 308.6. அதாவது 240 மாதக் கடன் 309 மாதமாகிறது. ஒரே ஒரு சதவீதத்துக்கு ஐந்தே முக்கால் வருடம் கூடுதல். 10 சதவீதம் என்று போட்டால் 389 மாதம், முப்பத்திரண்டு வருடத்துக்கும் மேல். அடுத்து 10.5 போட்டேன். கட்டத்தில் எண்ணே வரவில்லை, `#NUM!` என்று பிழை காட்டியது. சூத்திரத்தைத் தவறாக அடித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு முறை திரும்ப அடித்தேன். தவறு சூத்திரத்தில் இல்லை. 40 லட்சத்துக்கு 10.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 35,000. தவணை 34,713. வட்டிக்கே போதாத தவணையால் அசல் ஒருநாளும் குறையாது, கடன் வளரத்தான் செய்யும். எந்த வங்கியும் அதை அப்படியே விடாது. அந்த இடத்தில் தவணையை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு பெரிய விளைவு ஏன் என்றால், நீண்ட காலக் கடனின் தொடக்கத்தில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. எங்கள் முதல் தவணையில் 28,333 வட்டி, அசலுக்குப் போவது 6,380 மட்டும். வட்டி கொஞ்சம் ஏறினாலும் அந்தச் சின்னப் பங்கைத்தான் தின்கிறது. பாதிக் கடன் அடைந்த பிறகு இதே ஏற்றம் வந்தால் இவ்வளவு வலிக்காது. முதல் சில வருடங்கள்தான் ஆபத்தானவை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதில் இன்றும் வருத்தம் உண்டு.

எனக்கு அப்போது வயது 38. இருபது வருடக் கடன் என்றால் 58-இல் முடியும். 309 மாதம் என்றால் 64-ஐ நெருங்கியிருப்பேன், சம்பளம் நின்ற பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். “காலம் கொஞ்சம் நீளும்” என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இதுதான் பொருள். அதனால் காலத்தை நீட்டுவது எங்களுக்கு ஒரு வழியே இல்லை, வட்டி ஏறினால் தவணையை ஏற்றிக் கட்ட வேண்டியதுதான் என்று முதலில் முடிவு செய்தோம். அப்புறம் கேள்வி எளிதாகிவிட்டது: தவணை எவ்வளவு வரை ஏறினால் தாங்குவோம்?

எவ்வளவு ஏறும் என்று கணிக்க நான் முயலவில்லை. எவ்வளவு ஏற முடியும் என்பதற்கு மட்டும் ஓர் அளவு தேவைப்பட்டது. 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 5.25 சதவீதப் புள்ளி உயர்த்தியது, பதினாறே மாதத்தில். அந்த அளவுக்குப் போகாமல், 3 புள்ளி ஏறினால் என்ன என்று எடுத்துக்கொண்டேன். 11.5 சதவீதத்தில் இருபது வருடத்துக்குள் முடிக்கத் தவணை சுமார் 42,650.

“கட்டிடலாம்” என்றேன். என் சம்பளம் 68,000. மனைவி வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை செய்கிறாள், சராசரியாக 30,000 வரும். தாளில் பார்த்தால் இடம் இருந்தது. அவள் சொன்ன யோசனைதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி: “சொல்றதுக்குப் பதிலா மூணு மாசம் கட்டிப் பாத்துடலாமே.”

வீடு கைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. அப்போது வாடகை 16,000. மீதி 26,650-ஐ ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வேறொரு கணக்குக்கு அனுப்பிவிடுவது, அதைத் தொடவே கூடாது, தவணை போய்விட்டது என்றே நினைத்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் மாதம் பிரச்சினையே இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் மாதம் அவளுக்கு வர வேண்டிய ஒரு பெரிய தொகை தள்ளிப்போனது. அந்த மாதம் அவள் பக்கமிருந்து வந்தது 12,000 மட்டும். கடைசி வாரத்தில் அந்தக் கணக்கிலிருந்து 2,000 திரும்ப எடுத்தோம். மூன்றாம் மாதம் வண்டிக் காப்பீடும் பள்ளிக் கட்டணமும் ஒன்றாக வந்தன. 4,500 எடுத்தோம். அந்த மாதம் உண்மையில் எங்களால் ஒதுக்க முடிந்தது, வாடகையையும் சேர்த்து, 38,150.

பணத்தைவிட இன்னொன்று என்னை யோசிக்க வைத்தது. அந்த மூன்றாம் மாதத்தில் நான் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி எழுந்தும் பார்த்தேன். மனைவி அப்படி இல்லை. எடுத்த 4,500-ஐ நோட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். ரிஸ்க்கைப் பற்றிப் பெரிதாகப் பேசிய நான் கலங்கிப்போனேன், பயந்தவள் என்று நான் நினைத்திருந்தவள் நிதானமாக இருந்தாள். ரிஸ்க் தாங்கும் சக்தி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: பணம் தாங்குமா, மனசு தாங்குமா. எங்கள் பணத்தின் எல்லை 38,000 சொச்சம். என் மனசின் எல்லையும் அங்கேயேதான் இருந்தது.

பிக்சட் தவணை 37,941, அந்த எல்லைக்குள் இருந்தது. ப்ளோட்டிங்கில் இன்றைய தவணையும் உள்ளேதான். ஆனால் வட்டி ஒன்றேகால் புள்ளி ஏறினாலே எல்லையைத் தொட்டுவிடும், அதற்கு மேல் எங்களுக்கு இடமில்லை.

அப்போதும் உடனே கையெழுத்துப் போடவில்லை. பிக்சட் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். உள்ளே ஒரு பத்தியில் இருந்தது: நிலையான வட்டி முதல் 60 மாதங்களுக்கு மட்டும், அதன் பின் அன்றைய மாறும் வட்டி. தாளின் தலைப்பில் ‘நிலையான வட்டி’ என்று மட்டும்தான் போட்டிருந்தது. இருபது வருடமும் நிலையானது என்று எண்ணிக் கையெழுத்துப் போடுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ‘மறுநிர்ணயம்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஆக, நாங்கள் வாங்கப்போவது ஐந்து வருடத்துக்கான ஒரு காப்பீடு. அதற்கு விலை என்ன? வட்டி நகரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், தவணையில் கூடுதலாகக் கட்டுவது 60 மாதத்துக்கு 1,93,680. அதோடு, ஐந்து வருட முடிவில் பாக்கியிருக்கும் அசலும் பிக்சட்டில்தான் அதிகம்: 35 லட்சத்து 81 ஆயிரம். ப்ளோட்டிங்கில் 35 லட்சத்து 25 ஆயிரம். இந்த 56,000-ஐப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மொத்தம் சுமார் இரண்டரை லட்சம். இது திரும்பி வர, வட்டி ஏறினால் மட்டும் போதாது, சீக்கிரமே ஏற வேண்டும். நான்காவது வருடத்தில் ஏறினால் காப்பீடு முடியும் நேரத்தில் வந்த மழை மாதிரி, பெரிதாக உதவாது.

இன்னொரு பத்தியில் முன்கூட்டியே கட்டுவதற்கான கட்டணம். எங்கள் ஒப்பந்தத்தில் வருடத்துக்குப் பாக்கி அசலில் 25 சதவீதம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 2 சதவீதம். எங்களிடம் பெரிய தொகை எதுவும் வரப்போவதில்லை என்பதால் இது உறுத்தவில்லை. சீக்கிரம் வீட்டை விற்கவோ, கடனை வேறு வங்கிக்கு மாற்றவோ நினைப்பவருக்கு இந்த ஒரு பத்தியே பிக்சட்டை வேண்டாம் என்று சொல்ல வைக்கலாம்.

இரண்டு நாள் பேசினோம். மகள் பள்ளியில் சேர்ந்த புதிது, மனைவியின் வேலை இன்னும் நிலைப்படவில்லை, கையிருப்பு மூன்று தவணைக்கு மேல் இல்லை. எங்கள் பலவீனமான ஐந்து வருடமும் கடனின் ஆபத்தான ஐந்து வருடமும் ஒன்றாகவே வந்தன. அந்தக் காலத்துக்கு இரண்டரை லட்சம் கொடுப்பது நியாயம் என்று பட்டது. பிக்சட் எடுத்தோம். இரண்டு பேருக்கும் நிலையான சம்பளமும் ஒரு வருடத் தவணைக்குச் சேமிப்பும் இருந்திருந்தால் நான் ப்ளோட்டிங்தான் எடுத்திருப்பேன். அப்போது இதே 3,228-ஐ மாதாமாதம் தனியாக ஒதுக்கி, வட்டி ஏறும்போது அதிலிருந்து எடுத்துக் கட்டியிருப்பேன்.

இரண்டாம் வருடத்தில் மாறும் வட்டி அரைப் புள்ளி குறைந்தது. அதே காலத்தில் கடன் வாங்கிய நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அன்று கணக்குப் போட்டால், மாதம் சுமார் 5,700 அதிகமாக வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். கசப்பாகத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். “ராத்திரி எழுந்து பாக்குறீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையும் அதுதான்.

எங்கள் 60-ஆவது மாதத்துக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு வங்கிக்குப் போய், மறுநிர்ணயத்தில் மத்திய வங்கி வட்டிக்கு மேல் எத்தனை புள்ளி சேர்ப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். அதற்கு முன் இன்னொரு மூன்று மாத ஒத்திகையும் உண்டு. இந்த முறை தொகையை மனைவி முடிவு செய்வாள்.