பைனாகுலர் லென்ஸ் 19.2 செ.மீ.: சின்ன பிம்பத்தைப் பிடித்த கதை

ஒருவழியாக எண்கள் ஒத்துப்போயின. பெங்களூரு சிக்பேட்டை பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய உடைந்த பைனாகுலரின் முன் லென்ஸ், 50 மி.மீ. அகலம், உலோகக் குழலோடு இருக்கிறது. அதன் குவியத் தூரம் f-ஐத்தான் அளந்தேன். குழலிலிருந்து கழற்ற எனக்கு மனம் வரவில்லை. கழற்றாமல் அளந்தால் லென்ஸின் நடு எங்கே என்று தெரியாது. பொருளின் தூரம் u, பிம்பத்தின் தூரம் v இரண்டையும் எங்கிருந்து அளப்பது? அதற்காகத்தான் பெஸ்ஸல் முறைக்கு வந்தேன். 1838-இல் 61 சிக்னி நட்சத்திரத்தின் தொலைவைக் கணித்தாரே, அதே பெஸ்ஸல்தான்.

பொருளும் திரையும் அசையக் கூடாது, லென்ஸ் மட்டும் நகரும். இரண்டு இடங்களில் பிம்பம் தெளியும். அவற்றுக்கு இடையே லென்ஸ் நகர்ந்த தூரம் d, பொருளுக்கும் திரைக்கும் இடையே D.

```
f = (D² − d²) / (4D)
```

d என்பது நகர்ந்த தூரம் மட்டும் என்பதால் குழலின் எந்த விளிம்பில் வேண்டுமானாலும் ஸ்கேலைக் காட்டும் முள்ளை ஒட்டலாம். ஒரே நிபந்தனை: முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே லென்ஸைத் திருப்பி வைக்கக் கூடாது. திருப்பினால் முள்ளுக்கும் லென்ஸுக்கும் உள்ள உறவே மாறிவிடும்.

தண்டவாளம், ஜன்னல் கதவு ஓடுகிற அலுமினிய டிராக், ஒன்றரை மீட்டர். பொருள், கொசு வராமல் ஜன்னலில் அடிக்கும் எஃகு வலையின் ஒரு துண்டு, பின்னால் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பச்சை எல்.இ.டி., இரண்டுக்கும் நடுவே ஒரு டிரேசிங் காகிதம். பச்சை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பைனாகுலர் லென்ஸ் நிறம் திருத்தியதுதான், ஆனால் இதே மேடையில் சாதாரணப் பூதக்கண்ணாடிகளையும் அளக்கப் போகிறேன். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் சிவப்புக்கும் நீலத்துக்கும் குவியத் தூரம் ஒன்றரை சதவீதம் போல வேறுபடும். வெள்ளை வெளிச்சத்தில் எந்த ஓரத்தைத் தெளிவு என்று சொல்வது?

வெயிலில் சுவரில் குவித்துப் பார்த்ததில் சுமார் 19 செ.மீ. வந்தது. ஆக D அதன் நான்கு மடங்கான 76-க்கு மேல் இருந்தால்தான் இரண்டு இடங்களில் பிம்பம் தெளியும். இந்த 4f எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதில்தான் சுவாரஸ்யம். D = 80 வைத்தால் இரண்டு தெளிவும் நெருங்கிவிடுகின்றன. பிம்பம் பொருளின் அளவை நெருங்கும்போது லென்ஸை நகர்த்தினாலும் பிம்பம் திரையை விட்டு அதிகம் விலகாது. உருப்பெருக்கம் m என்றால், லென்ஸ் 1 மி.மீ. நகரும்போது பிம்பத்தின் இடம் (1 − m²) மி.மீ. நகரும். m ஒன்றானால் அது பூஜ்யம். அதனால் 80-இல் எனக்கு d 14.5 முதல் 16.5 வரை எங்கு வேண்டுமானாலும் கிடைத்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த இரண்டு செ.மீ. குழப்பமும் f-ஐ 19.15-க்கும் 19.34-க்கும் நடுவில்தான் அலைக்கழிக்கிறது. சமன்பாடு அங்கே d-யைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனாலும் எனக்கு 2 மி.மீ. அலைச்சல் பொறுக்காது. D = 100-க்குப் போனேன்.

இனி உண்மையான தொல்லை: சின்ன பிம்பம். லென்ஸ் திரைக்கு அருகில் வரும்போது விழும் பிம்பம் குட்டியாக, பளிச்சென்று, பார்த்தவுடன் தெளிவாக இருக்கும். அந்தப் பளிச்சில்தான் ஏமாற்றம். 100-இல் பெரிய பிம்பத்தின் உருப்பெருக்கம் 2.84. அங்கே லென்ஸ் 1 மி.மீ. நகர்ந்தால் பிம்பம் 7 மி.மீ. விலகுகிறது, கம்பிகள் உடனே கரைகின்றன. சின்ன பிம்பத்திலோ 1 மி.மீ.க்கு 0.9 மி.மீ.தான் விலகல். ஒளிக்கூம்பு இங்கே அகலம் என்பதால் கொஞ்சம் ஈடாகிறது, இருந்தும் கணக்குப் போட்டால் திரையில் கலங்கல் ஏறும் வேகம் பெரிய பிம்பத்தில் ஏறுவதில் மூன்றில் ஒரு பங்குதான். வெறுங்கண்ணால் பார்த்தால் கொஞ்ச தூரத்துக்கு எல்லாமே தெளிவாகத் தோன்றும்.

இதற்கு இரண்டு வேலை செய்தேன். திரைக்கு வெள்ளை அட்டைக்குப் பதில் டிரேசிங் காகிதத்தைச் சட்டத்தில் இறுக்கி, பின்பக்கமிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பால் பார்த்தேன். காகிதத்தில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று கட்டாயம். முதலில் லூப்பை அந்தக் கோட்டுக்குத் தெளிவாக்கி நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணும் லூப்பும் சேர்ந்து காகிதத்தை விட்டு முன்பின் போய்விடும்.

இரண்டாவது, "மிகத் தெளிவான இடம்" எது என்று தேடுவதை விட்டேன். ஒரு பக்கமாக நகர்த்தி, கம்பியின் ஓரம் கலங்கத் தொடங்கும் இடத்தைக் குறிப்பது, மறுபக்கமும் அதே அளவு கலங்கும் இடத்தைக் குறிப்பது, நடுவை எடுப்பது. மேல் வீட்டு பி.யூ.சி. மாணவி லூப்பில் கண் வைத்து, "அக்கா, இப்போ கலங்குது, நிறுத்துங்க" என்பாள். ஸ்கேல் அவள் கண்ணில் படாது. எண் தெரியாத கண்தான் இதற்கு நல்ல கண் என்பது என் உறுதியான கருத்து.

D = 100-இல் பெரிய பிம்பம் 31.2-இலும் 31.4-இலும் கலங்கியது, நடு 31.3. சின்னது 79.0-இலும் 79.4-இலும், நடு 79.2. d = 47.9, f = 19.26. பிறகு D = 90-க்கு d 34.2, f 19.25. D = 120-க்கு d 71.7, f 19.29. மூன்றும் அரை மி.மீ.க்குள்!

சரிபார்க்க இன்னொன்று: இரண்டு உருப்பெருக்கங்களின் பெருக்கல் 1 ஆக வேண்டும். வலையின் பத்துக் கட்டம் நேரில் 12.0 மி.மீ., பெரிய பிம்பத்தில் 34.1, சின்னதில் 4.2. பிம்பங்கள் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 11.97. போதும்.

பொருளும் திரையும் நிற்கும் கால்களின் முள்ளை நம்பி D-யைப் படிக்காதீர்கள். D-யில் 1 மி.மீ. பிழை f-இல் 0.3 மி.மீ. ஆகிறது, வலைக்கும் காகிதத்துக்கும் நடுவே எஃகு டேப்பை நேராகப் பிடித்து அளப்பதே சரி. அடுத்தது லென்ஸின் தடிமன். சமன்பாடு மெல்லிய லென்ஸுக்கானது. கண்ணாடி லென்ஸில் u, v-யை அளக்கத் தொடங்க வேண்டிய முதன்மைத் தளங்கள் இரண்டும் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போல விலகி இருக்கும், அதை D-யிலிருந்து கழிக்க வேண்டும். வெர்னியரின் ஆழக்கம்பியை லென்ஸ் தாளோடு இரு முகத்திலும் மெல்ல வைத்துப் பார்த்ததில் தடிமன் 9 மி.மீ. ஆக 3 மி.மீ. கழித்து, 99.7 என்று போட்டால் 19.17 வருகிறது. 19.2 என்று குழலில் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஒரு பிம்பத்தில் மட்டும் கம்பிகளைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் இருந்தது. தொலைவைப் பார்க்க வேண்டிய முகம் அந்த நிலையில் கிட்டப் பொருளைப் பார்ப்பதால் வருவது அது. கறுப்பு அட்டையில் 35 மி.மீ. துளை போட்டு மறைத்ததும் போய்விட்டது. துளையை இன்னும் சுருக்க ஆசை வரும். சுருக்கினால் ஒளிக்கூம்பு ஒல்லியாகி, கலங்கும் இடம் மறுபடி நழுவும்.

அடுத்து குழிலென்ஸ். தனியாக அது திரையில் பிம்பம் தராது, இந்த 19.2-ஐ அதோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். கூட்டின் குவியத் தூரம் நீளும், D = 200-க்கு மேல் கேட்கும். அலுமினியக் கடை அண்ணனிடம் இரண்டரை மீட்டர் டிராக் சொல்லி வைத்திருக்கிறேன். வெட்டாமல் முழுசாகத் தருவதாகச் சொன்னார். ஆட்டோவில் எப்படிக் கொண்டுவருவது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.