ஐம்பத்திரண்டு

மே 3

மோட்டார் காயில் சுற்றும்போது இன்றைக்கும் எண்ணிக்கை தவறியது. 31-ல் இருந்தேன். "ஏல, டீ வாங்கியாச்சா?" என்று கடை அண்ணாச்சி கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் 31-ஆ 32-ஆ என்று நினைவில்லை. முழுக்க அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன்.

மே 4

மானூர்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் வந்தது. 5 ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப். கழற்றும்போதே கருகிய வாடை. அண்ணாச்சி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "இரண்டு பேஸ் கரிக்கட்டை, ஒண்ணு புதுசு மாதிரி இருக்கு. இது ஸ்டார் கனெக்‌ஷன். லைன்ல ஒரு பேஸ் வரல. கண்டென்சர் போட்டு ஓட்டுனீரோ?" என்று கொண்டுவந்தவரிடம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பேஸ் வரும் நேரம் முடிந்த பிறகும் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்ததாம். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டரையும் பைபாஸ் பண்ணி வைத்திருக்கிறார்.

ஸ்டார் கனெக்‌ஷனில் ஒரு லைன் அறுந்தால் மற்ற இரண்டு பேஸ்களும் தொடராகச் சேர்ந்து மொத்தச் சுமையையும் இழுக்கும், அதனால் அவை இரண்டும் கருகும். டெல்டாவாக இருந்தால் ஒரே ஒரு பேஸ் கருகியிருக்கும். இதை அண்ணாச்சி எனக்குச் சொல்லித்தரவில்லை. அவரிடம் நான் கேட்டு வாங்கிய பதில் "கண்ணு இருக்குல்ல?" மட்டும்தான். போன மாதம் குப்பையில் கிடந்த பழைய ஸ்டேட்டர்களைப் புரட்டிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மே 5

பழைய வயரைப் பிரித்தேன். ஒரு பக்கம் உளியால் வெட்டி, மறுபக்கம் கொறடால் இழுத்தேன். விரல் நுனி இரண்டு கிழிந்தது. கருகாமல் இருந்த பேஸில் ஒரு காயிலை முழுசாக எடுத்து எண்ணினேன். 52 சுற்று. இரண்டாவது காயிலும் 52. மைக்ரோமீட்டரில் கம்பியின் தடிமனையும் பார்த்து நோட்டில் எழுதினேன். இதை எழுதாமல் காயிலைப் பழைய கடைக்குப் போட்டுவிட்டால் மோட்டாரே போயிற்று. சுற்று குறைந்தால் கரண்ட் கூடும், சுற்று கூடினால் இழுக்கும் பலம் குறையும்.

ஸ்டேட்டரில் காயில் உட்கார 24 ஸ்லாட். ஒரு பேஸுக்கு 4 காயில், இரண்டிரண்டாக இரண்டு செட். பெரிய காயில் 1-லிருந்து 12-க்கு, சின்னது அதற்குள்ளே 2-லிருந்து 11-க்கு.

மே 6

அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.

மே 7

இன்றைக்கு எழுத விருப்பமில்லை, ஆனால் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஆறு செட்டையும் சுற்றி முடித்து வரிசையாக வைத்தேன். சுற்று மெஷினில் கவுண்டர் உடைந்து கிடக்கிறது. நான் வந்த நாள் முதல் அப்படித்தான். வாயால்தான் எண்ண வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு செட்டாகக் கையில் தூக்கிப் பார்த்தார். நான்காவதைத் தூக்கியதும் முகம் மாறியது. அடுத்த கையில் இன்னொன்றை எடுத்தார். பிறகு தராசில் போட்டார். மற்ற ஐந்தும் 680 கிராம் வாக்கில் இருக்க, இது 615. "பத்து சுத்து எங்கல போச்சு? வீட்டுக்குக் கொண்டு போனியா?" என்று கேட்டார். கடைக்கு வந்திருந்த மூன்று பேர் சிரித்தார்கள். மானூர்க்காரரும் சிரித்தார். "பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவன், அம்பத்திரண்டு எண்ணத் தெரியல. இவனுக்கு நம்மகிட்ட கால்குலேட்டருன்னு பேரு" என்றார். சாயங்காலம் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

பிரித்து எண்ணினேன். உள் காயில் 42 தான். 30-லிருந்து நேராக 41-க்குப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் அவர் இருபது ரூபாய் சில்லறை கேட்டார். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாக்கு என்பார். ஆனால் அது சாக்கு இல்லை. எண்ணிக்கொண்டிருப்பவனிடம் பேசினால் எண்ணிக்கை போகும். அவர் சுற்றும்போது யாராவது பேசினால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கை மெஷினிலேயே இருக்கும்.

குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் உட்கார்ந்திருந்தேன். தின்னர் போட்டுத் தேய்த்தும் வார்னிஷ் வாடை கையை விட்டுப் போகவில்லை. இருட்டியது. அழுதேன்.

மே 8

ஒன்று கண்டுபிடித்தேன். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை மெஷின் ஸ்டாண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஐந்து கோடும் இரண்டு சுற்றும். யார் கூப்பிட்டாலும் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் பதில். அண்ணாச்சி பார்த்தார். "செவத்துல எழுதுற பிள்ள" என்றார். பரவாயில்லை. நான்காவது செட்டைச் சுற்றி நானே தராசில் வைத்தேன். 680.

மே 9

இன்சுலேஷன் பேப்பர் வெட்டி ஸ்லாட்டில் வைத்தேன். பேப்பர் இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் வளையும் இடத்தில் இரும்பு விளிம்பு எனாமலைச் சுரண்டிவிடும். பிறகு இன்சுலேஷன் சோதிக்கும் மெகரில் பூஜ்யம் காட்டும்.

கம்பியைக் கட்டாகத் திணிக்கக் கூடாது, நாலைந்தாகப் பிரித்து நுழைக்க வேண்டும் என்பதை இன்று கை தானே செய்தது. மேலே மூங்கில் ஆப்பு. மூன்று மணிக்கு ஒரு ஆப்பு உடைந்து கம்பி மேல் சரிந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது திட்டுவதைவிடப் பயமாக இருக்கிறது.

மே 11

கனெக்‌ஷன் யார் போடுவது? இந்த ஒரு கேள்விதான் காலையிலிருந்து. இதுவரை அவர் மட்டும்தான் போட்டிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்தால் "வெளிச்சத்த மறைக்காத" என்பார். ஒரு பேஸில் முதல் செட்டின் முடிவை இரண்டாவது செட்டின் முடிவோடு சேர்க்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை, எதிரெதிர் துருவமாக வர வேண்டும். ஆரம்பத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒரே துருவமாகிவிடும், மோட்டார் உறுமுமே தவிர ஓடாது. அடுத்த பேஸ் 8 ஸ்லாட் தள்ளித் தொடங்கும். தாளில் பத்து முறை வரைந்துவிட்டேன். எல்லா முறையும் ஒரே மாதிரி வந்தது.

கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

மே 12

கேட்டேன். "கால்குலேட்டரு கனெக்‌ஷன் போடுதான்" என்று உரக்கச் சொன்னார். முகம் சூடாகியது. பிறகு ஸ்லீவ் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனாமலைச் சுரண்டி, முறுக்கி, ஸ்லீவ் மாட்டி, நூல் கட்டினேன். ஒன்றரை மணி நேரம். அவர் திரும்பி வந்து ஒவ்வொரு முனையையும் விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துத் தானே கட்டினார்.

மே 13

வார்னிஷ் போடுவதற்கு முன் சோதனை. ரோட்டர் இல்லாமல், ஸ்டேட்டருக்குள் பழைய பேரிங்கில் இருந்து எடுத்த ஒரு குண்டை வைத்தோம். டிம்மரில் குறைந்த வோல்டேஜ் மட்டும். குண்டு உள் விளிம்போடு ஒட்டி வட்டமாகச் சுற்றினால் கனெக்‌ஷன் சரி. ஒரு செட் திரும்பியிருந்தால் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும்.

அண்ணாச்சி டிம்மரை ஏற்றினார். முதலில் குண்டு அசையவே இல்லை. எனக்கு வயிறு கலங்கியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கிளம்பியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு கண்ணால் பிடிக்க முடியாத வேகம். கிர்ரென்று சத்தம்.

"நிப்பாட்டுல" என்றார். நான் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அவரே ஸ்விட்சை அணைத்தார்.

மே 14

வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வைத்தாச்சு. காலையில் மெகர் பார்க்க வேண்டும். மானூர்க்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், வாழை வாடுகிறதாம்.