செக்ரோலில் பெயர் இல்லாதவர்கள்

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணம். அங்கே ஒரே ஆட்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்க்கும் கோஹார்ட் ஆய்வு ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாட்பட்ட முதுகுவலியுள்ள தோட்டத் தொழிலாளர்களுக்கு, வலியில்லாதவர்களைவிட மனச்சோர்வு அதிகம் வருகிறதா என்பது கேள்வி. தொடக்கத்தில், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாத்தாளில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களை விலக்கியாயிற்று. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பியதும் இரண்டாம் மதிப்பாய்வாளர் இப்படி எழுதுகிறார்: 'மாதிரி, தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பட்டியலான செக்ரோலிலிருந்து எடுக்கப்பட்டது. நோயால் வேலையை விட்டவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். மேலும் 16 விழுக்காட்டினர் இடையில் விடுபட்டுள்ளனர். இந்த முடிவுகள் மலேசிய இந்தியர்களுக்குப் பொருந்துமா?'

ஒரே பத்தி, ஆனால் கேள்விகள் மூன்று: யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள், முடிவு யாருக்குப் பொருந்தும். பதில் கடிதத்தில் இதை 2அ, 2ஆ, 2இ என்று உடைத்து, ஒவ்வொன்றிலும் அவர் சொன்ன வரியை அப்படியே எடுத்துப் போட்டு, அதன் கீழ் பதில், அதன் கீழ் கட்டுரையில் மாற்றிய வாக்கியம், பக்க எண், வரி எண் என்று எழுத வேண்டும். உடைக்காமல் ஒரே பதிலாக எழுதினால், எளிதான கேள்விக்கு நீளமாகவும் கடினமான கேள்விக்கு அரை வரியிலும் பதில் போய்விடும். மதிப்பாய்வாளர் இரண்டாம் சுற்றில் அந்த அரை வரியைத்தான் பிடிப்பார்.

2அ-வுக்குப் பலரும் எழுதும் பதில், 'எங்கள் மாதிரி எண்ணிக்கை போதுமானது' என்பது. அவர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. சாய்ந்த மாதிரியில் 400 பேருக்குப் பதில் 4,000 பேரை எடுத்தாலும் சாய்வு அப்படியே இருக்கும். தவறான எண்ணை இன்னும் உறுதியாகச் சொல்வோம், அவ்வளவுதான். அழைத்தவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்பதும் இங்கே பதில் ஆகாது. செக்ரோலில் பெயர் இருந்தால்தானே அழைப்பே போகும்?

தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் யார் இல்லை என்பது தெரியும். காலைப் பெரட்டுக்கு வரமுடியாமல் போனவர் மெல்லப் பட்டியலிலிருந்து விழுவார். குத்தகைக்காரரின் ஆட்கள் தோட்டத்துக் கணக்கில் வரமாட்டார்கள். ஓய்வு பெற்று மகன் வீட்டு முன்கூடத்தில் படுத்திருப்பவரும் இல்லை. குலை வெட்டும் கம்பை உயர்த்தித் தாங்கும் முதுகு இருப்பவர்தான் பட்டியலில் தங்குவார். இதற்குப் பெயர் ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு. பதிலில் அந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொள்வதைவிட, அது எந்தத் திசையில் இழுக்கிறது என்று சொல்வதே முக்கியம். வலியும் மனத்தளர்வும் சேர்ந்து தாக்கியவர்கள் ஆய்வு தொடங்கும் முன்பே வெளியேறியிருந்தால், மிஞ்சியிருக்கும் வலிக்காரர்கள் தாக்குப்பிடித்தவர்கள். ஆகவே வலிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் குறைவாகவே தெரியும்.

திசையைச் சொன்னால் ஆதாரமும் வேண்டும். நெறிமுறைக் குழுவும் தோட்ட நிர்வாகமும் அனுமதித்தால், கிராணியிடம் உள்ள முந்தைய 12 மாதச் செக்ரோல்களில் பெயர் நீங்கியவர்களை எடுத்து, வயது, பாலினம், வேலை வகை ஆகிய மூன்றில் மட்டும் மாதிரியோடு ஒப்பிடலாம். நீங்கியவர்களில் குலை வெட்டுவோர் அதிகமாக இருந்தால், சொன்ன திசைக்கு ஓரளவு துணை கிடைக்கிறது. உடல்நலத் தகவல் அதில் இல்லை என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.

2ஆதான் உண்மையில் கடினமானது. கணக்குப் புரிய எளிய எண்களை வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 400 பேர். வலியுள்ளவர் 120, இல்லாதவர் 280. இரண்டாம் ஆண்டில் 64 பேரைக் காணோம். 16 விழுக்காடு என்றால் பரவாயில்லை என்றே தோன்றும். பிரித்துப் பார்த்தால் வலியுள்ளவர்களில் 36 பேர், அதாவது 30 விழுக்காடு. மற்றவர்களில் 28 பேர், 10 விழுக்காடு. மொத்த எண் இதை மறைத்துவிடுகிறது. இத்தகைய ஆய்வுகளை எழுதும் முறைக்கான ஸ்ட்ரோப் வழிகாட்டி பரிந்துரைக்கும் ஓட்ட வரைபடத்தை இரு குழுவுக்கும் தனித்தனியாகப் போட்டால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? இங்கே வீடு தோட்டத்துடையது. வேலை போனால் லயத்து வீடும் போகும். குடும்பம் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ நகரும். வலி வேலையைப் பறிக்கிறது, வேலை வீட்டைப் பறிக்கிறது, அந்த இழப்பே மனச்சோர்வையும் கொண்டுவரலாம். நாம் காணாமல் விட்டவர்கள் நாம் தேடிய நோய்க்கு மிக அருகில் இருந்தவர்கள். இந்தச் சங்கிலியை வெளிநாட்டு மதிப்பாய்வாளர் ஊகிக்கமாட்டார். பதிலில் நான்கு வாக்கியத்தில் நாமே எழுத வேண்டும்.

பிறகு கணக்கு. தொடர்ந்து பார்த்த 84 வலிக்காரர்களில் 21 பேருக்கு மனச்சோர்வு, 25 விழுக்காடு. வலியில்லாத 252 பேரில் 28, சுமார் 11 விழுக்காடு. வேறுபாடு 2.25 மடங்கு. காணாமல் போனவர்களுக்கு, அவரவர் குழுவில் பார்த்தவர்களைப் போல் இரு மடங்கு ஆபத்து என்று வைத்தால் 2.7 மடங்காகிறது. காணாமல் போன வலிக்காரர் ஒருவருக்கும் மனச்சோர்வு வரவில்லை, மற்றக் குழுவில் போனவர்கள் இருந்தவர்களைப் போலவே என்று வைத்தாலும் 1.6 நிற்கிறது. இதற்கும் மேலே போய், காணாமல் போன வலியில்லாதவர் 28 பேருக்கும் மனச்சோர்வு என்று வைத்தால் முடிவு தலைகீழாகும்: 17.5-க்கு எதிராக 20 விழுக்காடு. அந்த வரியையும் அட்டவணையில் விட வேண்டும். நம்பமுடியாத அனுமானம் என்று பக்கத்தில் எழுதலாம், ஒளிக்கக் கூடாது. அதைப் போட்டுப் பார்க்க மதிப்பாய்வாளருக்கு இரண்டு நிமிடம் போதும்.

தங்கியவர்களில், காணாமல் போனவர்களை ஒத்தவர்களுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து நிகழ்தகவு எடையிட்டுச் சரிசெய்தோம் என்று எழுதுபவர்கள் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். தங்கியவர்களுக்கு எடை போட வலி உண்டா இல்லையா என்பதை மட்டும் பயன்படுத்தினால், ஒரு குழுவுக்குள் எல்லோருக்கும் ஒரே எடை. 25-உம் 11-உம் துளியும் நகராது. சரிசெய்ததுபோல் தோற்றம்தான் மிஞ்சும். தொடக்கத்துப் பி.எச்.கியூ-9 மதிப்பெண், வயது, லயத்து வீட்டில் இருப்பு, இடையில் வேலை போனதா என்பவை உள்ளே வந்தால்தான் எடை ஏதாவது செய்யும். வேலை போன தேதியை ஆய்வின்போதே குறிக்காவிட்டால் பதில் எழுதும் நேரத்தில் அதை உண்டாக்க முடியாது.

மீண்டும் தேடிப் பார்த்தீர்களா என்ற துணைக் கேள்வியும் வரலாம். கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி, பழைய அண்டை வீட்டார் வழியாக ஆளைக் கண்டுபிடிப்பது இங்கே முடிகிற காரியம்தான். ஆனால் 'மனநல ஆய்வுக்குத் தேடுகிறோம்' என்று அக்காவிடமோ மண்டோரிடமோ சொல்லிவிட்டால் ரகசியம் உடைந்தது. தொடக்கச் சம்மதத்திலேயே இரண்டு தொடர்பு எண்களும், அவர்களிடம் எதைச் சொல்லலாம் என்ற அனுமதியும் வாங்கியிருந்தால் அதைப் பதிலில் குறிப்பிடலாம். வாங்கவில்லையென்றால் தேடலை அதற்குமேல் கொண்டுபோகவில்லை என்று காரணத்தோடு எழுதுவதுதான் சரி.

2இ-க்கு வாதம் வேண்டாம். மலேசிய இந்தியர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. செக்ரோலிலோ பிற நாட்டுத் தொழிலாளர்களும் உண்டு. ஆகவே 'மலேசிய இந்தியர்களிடையே' என்ற சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் முடிவுரையிலும் நீக்கி, 'ஆய்வுத் தொடக்கத்தில் செக்ரோலில் இருந்த தொழிலாளர்களிடையே' என்று போட வேண்டும். பதில் கடிதத்தில் ஒப்புக்கொண்டு, சுருக்கத்தில் பழைய சொற்களை மறந்து விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கோப்பை அனுப்பும் முன் அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் ஒருமுறை இட்டுப் பார்த்தால் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அட்டவணைத் தலைப்புகளில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.