பச்சைக்குள் நின்ற பிள்ளை

"பிள்ளை பச்சைக்குள்ளதானே மிஸ் நிக்குது?" வன்னியில் நிறை பார்த்து வளர்ச்சி வரைபில் புள்ளி வைக்கும் நாட்களில் அம்மாமார் இப்படிக் கேட்காமல் விடமாட்டார்கள். வயதுக்கேற்ற நிறை என்றால் புள்ளி பச்சைப் பட்டைக்குள் விழும். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் அவர்களே பதறிப்போய் வருவார்கள். எனக்குப் பயம் பச்சைக்குள்ளேயே ஏறாமல் படுத்துக் கிடக்கிற நிறைக் கோட்டில்தான்.

ஒரு பெண்பிள்ளை. 6 மாதம் முடிந்தபோது 7.1 கிலோ, 7 முடிய 7.2, 8 முடியவும் 7.2. மூன்று புள்ளியும் பச்சைக்குள்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பெண்பிள்ளை ஒன்றுக்குச் சராசரியாக 600 கிராம் கூடவேண்டும். எங்கள் கொழுக்கித் தராசில் ஒரு கோடே 100 கிராம், ஈரப் பம்பேர்ஸை மறந்து விட்டாலே அவ்வளவும் கூடிவிடும். அதனால் உடுப்பைக் கழற்றி, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப நிறுத்தேன். 7.2தான்.

காய்ச்சல், வயிற்றோட்டம் ஒன்றும் இல்லை. தாய் தோட்ட வேலைக்குப் போகிறா, பகலில் தீத்துவது அம்மம்மா.

"என்ன குடுக்கிறியள் அம்மா?"

"கஞ்சிதான். வயிறு முட்டக் குடிப்பாள்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பிடி சோற்றைக் கரைத்து வடித்த தண்ணீர், ஒரு கப் நிறைய. இந்த வயதுப் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 200 மில்லிலீட்டர்தான் கொள்ளும். அதைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் பிள்ளை அழாது, பாலும் குறைவாகத்தான் குடிக்கும், நிறையும் ஏறாது. பசியில் அழுகிற பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது சுகம்.

அதே சோற்றைப் பருப்போடு குழைய அவித்து, கரண்டியைச் சரித்தாலும் வழியாத பதத்துக்கு அங்கேயே மசித்துக் காட்டினேன். அதற்குள் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். வேளைக்கு அரைக் கப், நாளுக்கு மூன்று வேளை, இடையில் தாய்ப்பால். தாய் வேலைக்குப் போகுமுன்னும் வந்தவுடனும் இரவிலும் பால் கொடுக்கவேண்டும்.

மீன் என்றதும் அம்மம்மா முகத்தைச் சுழித்தா. "பல்லு முளைக்காத பிள்ளைக்கு மீன் செமிக்குமே?" 6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கிற இரும்புச்சத்துப் போதாது என்று விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில், குளத்து ஜப்பான் மீனை அவித்து முள்ளெடுத்து, விரலால் பசையாக நசித்து அவவின் கையிலேயே வைத்தேன். "இதுக்குப் பல்லு வேணுமா, சொல்லுங்கோ." சிரித்துவிட்டா.

9 மாதம் முடிய 7.6. ஒரு மாதத்தில் 400 கிராம் நல்ல ஏற்றம்தான். ஆனால் பழைய பாதையிலேயே போயிருந்தால் இப்போது 8 கிலோவை ஒட்டி நிற்கவேண்டும். நிறை மட்டும் உயரத்தைச் சொல்லாது என்பதால் பிள்ளையைக் கிடத்தி நீளமும் அளந்து பதிந்தேன். அடுத்த மாதம் கோடு மறுபடி படுத்தால் சாப்பாட்டுக் கதை போதாது, டொக்டரிடம் அனுப்பவேண்டும் என்று தாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.